சுக்கிரன் நீசம், கூடவே அஸ்தங்கம்

ரிட்டயர் ஆன பிறகு என்னைத் தேடி வருகிறவர்கள் இரண்டு வகை. பழைய மாணவர்கள் ஒரு வகை. மகனுடைய ஜாதகத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு வருகிற அப்பா அம்மாக்கள் இன்னொரு வகை. நான் ஜோசியன் இல்லை. பொன்னேரிப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவன். ஆனால் என் அப்பா பஞ்சாங்கம் வைத்து ஜாதகம் கணிக்கிறவர். சின்ன வயசில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாகை, கலை கூட்டிக் கொடுத்த பழக்கம் எனக்கு உண்டு. அந்தச் சங்கதி எப்படியோ பழவேற்காட்டுக் குப்பங்கள் வரைக்கும் போய்விட்டது. பணம் வாங்க மாட்டார், பயமுறுத்த மாட்டார் என்பதும் சேர்ந்து போயிருக்க வேண்டும்.

அவர்கள் கொண்டுவரும் தாள்களில் நான் அதிகம் பார்க்கிற வரி ஒன்று உண்டு. "சுக்கிரன் நீசம். களத்திர சுகம் குறைவு." சில தாள்களில் நீசத்துக்குப் பதில் "அஸ்தங்கம்" என்று இருக்கும். போன வருஷம் வந்த ஒரு தாளில் இரண்டுமே இருந்தது. இன்று அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

முதலில் இந்த வரி ஆண் பிள்ளைகளின் ஜாதகத்தில் மட்டும் ஏன் இவ்வளவு கலவரம் உண்டாக்குகிறது என்று சொல்லிவிடுகிறேன். ஆணின் ஜாதகத்தில் மனைவியைக் குறிப்பது ஏழாம் இடம். அதோடு சுக்கிரனையும் களத்திரகாரகன் என்பார்கள். களத்திரம் என்றால் மனைவி. ஆகவே சுக்கிரன் கெட்டால் மனைவி வழிச் சுகம் கெடும் என்பது ஒரு வரிச் சூத்திரம். சூத்திரம் சின்னதாக இருப்பதால் எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிடுகிறது. அதற்குப் பின்னால் வருகிற விலக்குகள் பெரிசாக இருப்பதால் ஒருவருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

பழவேற்காட்டுக் கரையில் இதற்கு இன்னொரு கனமும் உண்டு. சோழமண்டலக் கரை மீனவ ஊர்களில் கல்யாணம் ஆன ஆண்தான் தலைக்கட்டு. ஊர் வரி அவன் பேரில் விழும். ஊர்க் கூட்டத்தில் அவன் பேச்சுக்கு ஒரு இடம் உண்டு. கல்யாணம் ஆகாதவன் முப்பது வயசானாலும் அப்பன் கணக்கில்தான் ஓடுவான். ஏரியில் வலை கட்டும் இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாடு இருக்கிற ஊர்கள் இங்கே உண்டு. ஊரில் ஒருவனுடைய நிலை என்ன என்பது அவன் பிழைப்போடு ஒட்டின விஷயம். அதனால் ஒரு வரன் தட்டிப்போனால் அது மனசோடு நிற்பதில்லை.

போன வருஷம் வந்தவர்கள் ஒரு கட்டுமரக்காரரும் அவர் சம்சாரமும். ஊர் பேர் வேண்டாம். மகனுக்கு 26 முடிந்திருந்தது. மூன்று இடத்தில் பெண் பார்த்து, மூன்று இடத்திலும் ஜாதகம் பார்த்த பிறகு பேச்சு நின்றுபோயிருக்கிறது. ஒரு ஜோசியர் பரிகாரத்துக்கும் வைர மோதிரத்துக்குமாக ஒரு தொகை சொல்லியிருக்கிறார். அதற்காக மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கலாமா என்ற யோசனையில் இருந்தார்கள். அந்த முன்பணம் எப்படிப்பட்டது என்று கரையோர வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாங்கின பிறகு பிடிக்கிற மீனை அந்த வியாபாரிக்குத்தான் போட வேண்டும், அவர் சொல்கிற விலைக்கு.

"இன்னா சார் பண்றது, பையன் குடிக்க மாட்டான், சண்டைக்குப் போவ மாட்டான். கட்டத்துல வெள்ளி சரியில்லன்றாங்க" என்றார் அந்த அம்மாள்.

தாளை விரித்தேன். பிறந்த தேதி 1998 அக்டோபர் 5. வெகுதானிய வருஷம், புரட்டாசி, திங்கட்கிழமை. மீன ராசி. கன்னியில் சூரியன், புதன், சுக்கிரன் மூன்றும். சுக்கிரனுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் "நீ", "அ" என்று இரண்டு எழுத்து.

இந்த இரண்டு எழுத்தும் வானத்தில் எதைச் சொல்கின்றன என்று பார்ப்போம். சுக்கிரன் மீனத்தில் உச்சம், அதற்கு நேர் எதிர் ராசியான கன்னியில் நீசம். கன்னியில் 27-ஆம் பாகை பரம நீசம், அதாவது அடிமட்டம். அஸ்தங்கம் என்பது சூரியனுக்கு மிக அருகில் போய், அதன் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போவது. சூரிய சித்தாந்தம் சுக்கிரனுக்குச் சொல்லும் அளவு சாதாரணமாக 10 பாகை, வக்கிரமாக இருக்கும்போது 8 பாகை. நம் ஊர் ஜோசியர்கள் பெரும்பாலும் இதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். இந்தப் பையன் பிறந்த அன்று சூரியன் கன்னியில் சுமார் 18 பாகை, சுக்கிரன் சுமார் 12 பாகை. இடைவெளி ஆறு சொச்சம். ஆகவே ஜோசியர் எழுதியது தப்பில்லை. நீசமும் உண்மை, அஸ்தங்கமும் உண்மை.

அதன் பிறகு நான் கேட்டது ஜோசியத்தில் இல்லாத கேள்வி. இந்த இரண்டு எழுத்தும் எத்தனை பேர் ஜாதகத்தில் வரும்?

நீசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பூமியிலிருந்து பார்க்கும்போது சுக்கிரன் சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகவே விலகாது. சூரியனுக்கு முன்னாலும் பின்னாலுமாக ஆடிக்கொண்டே அதனோடு கூடப் போகும். அதனால் சராசரியாக வருஷத்துக்கு ஒரு முறை அதுவும் பன்னிரண்டு ராசியைச் சுற்றி வந்துவிடுகிறது. கன்னியில் இருப்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆக, பிறக்கிற பன்னிரண்டு பேரில் ஒருவருக்குச் சுக்கிரன் நீசம்.

இதே 47 பாகையை வைத்து ஒரு சோதனையும் செய்யலாம். சுக்கிரன் கன்னியில் இருக்க வேண்டுமானால் சூரியன் கடகத்தின் நடுவுக்கும் விருச்சிகத்தின் நடுவுக்கும் இடையில் எங்கேயாவதுதான் இருக்க முடியும். அதாவது ஆடி நடுவிலிருந்து கார்த்திகை நடு வரை. தையிலோ பங்குனியிலோ வைகாசியிலோ பிறந்த பையனின் ராசிக் கட்டத்தில் சுக்கிரன் கன்னியில் நீசம் என்று எழுதியிருந்தால் ஜாதகமே தப்பு, வேறு பரிகாரம் வேண்டாம், வேறு தாள்தான் வேண்டும். அப்படி ஒரு தாளை நான் பார்த்தும் இருக்கிறேன். அம்சக் கட்டத்தில் இருந்ததை ராசிக் கட்டத்தில் எழுதிவிட்டிருந்தார்கள்.

இனி அஸ்தங்கம். சுக்கிரன் சூரியனோடு சேருவது இரண்டு விதம். ஒன்று, சூரியனுக்கு அந்தப் பக்கம் போவது. மற்றது, நமக்கும் சூரியனுக்கும் நடுவில் வருவது. அந்தப் பக்கம் போகும்போது சூரியனை விட ஒரு நாளைக்குக் கால் பாகைதான் அதிகம் நகரும். பின்னால் 10, முன்னால் 10 என்று 20 பாகையைக் கடக்க 80 நாள் ஆகிவிடும். நடுவில் வரும்போது வக்கிரத்தில் எதிர்த்திசையில் ஓடுவதால் 16 பாகையைப் பத்து நாளில் கடந்துவிடும். இந்த இரண்டும் சேர்ந்த முழுச் சுற்று 584 நாள். அதில் 90 நாள் அஸ்தங்கம். வகுத்துப் பாருங்கள், ஆறேழு பேரில் ஒருவருக்குச் சுக்கிரன் அஸ்தங்கம்.

இதைச் சொன்னதும் கட்டுமரக்காரர் சிரித்தார். அவருக்குப் பாகை தெரியாது. ஆனால் வெள்ளி தெரியும். விடிகாலையில் வங்காள விரிகுடாவுக்கு மேலே விடிவெள்ளியைப் பார்த்து நேரம் சொல்கிற தலைமுறை அவர். "அது கிழக்கால கீழ எறங்கி எறங்கி முழுகிப் போவும் சார். ரெண்டு மாசம், ரெண்டரை மாசம் கழிச்சி சாயங்காலத்துல ஏரிப் பக்கம் மேக்கால முளைக்கும். அதுவா?"

அதுவேதான். 1998-இல் வருஷ ஆரம்பத்திலிருந்து விடிவெள்ளியாக இருந்தது, புரட்டாசியில் தாழ்ந்து தாழ்ந்து காலை வெளிச்சத்தில் மறைந்தது. அக்டோபர் 30 அன்று சூரியனோடு சேர்ந்தது. வருஷக் கடைசியில் மாலை வெள்ளியாக மறுபடி தெரிந்தது. அந்த மறைவுக்குத்தான் ஜாதகத்தில் அஸ்தங்கம் என்று பேர்.

அஸ்தங்கத்தின் உச்சகட்டத்தை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். 2004 ஜூன் 8, செவ்வாய்க்கிழமை. சுக்கிரன் சூரியனின் முகத்துக்கு நேர் குறுக்காகப் போன நாள். காலை பத்தே முக்கால் வாக்கில் ஆரம்பித்து மாலை ஐந்து மணி வரை. மொட்டை மாடியில் பைனாகுலரைத் திருப்பி வைத்து, வெள்ளை அட்டையில் சூரியனின் பிம்பத்தை விழச் செய்து, தெருப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஒரு மிளகு அளவுக்குக் கறுப்புப் பொட்டு மெதுவாக நகர்ந்தது. அன்று சுக்கிரன் இருந்தது ரிஷபத்தில், அதாவது தன் சொந்த வீட்டில். அன்று பிறந்த ஆண் பிள்ளைகளுக்குச் சுக்கிரன் ஆட்சி, அதே சமயம் முழு அஸ்தங்கம். ஆட்சி என்று சந்தோஷப்படுவதா, அஸ்தங்கம் என்று அழுவதா என்று இப்போது அவர்கள் வீட்டில் ஜோசியர்கள் வாதாடிக்கொண்டிருப்பார்கள்.

இதே மாதிரி 1874 டிசம்பர் 9 அன்றும் நடந்தது. அப்போது சென்னை வானாய்வுக்கூடத்தில் இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பொது ஜனங்களுக்குப் புரியும்படி அதை விளக்கி, ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் சிறு புத்தகம் போட்டார். பஞ்சாங்கக் கணக்கு வானத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று வாதாடி, திருக்கணித முறையில் பஞ்சாங்கமும் வெளியிட்டவர் அவர். இங்கே அவரை நினைக்கக் காரணம் இருக்கிறது. இன்றும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் கிரக நிலையில் வித்தியாசம் வரும். 9 பாகை, 11 பாகை என்று எல்லையில் நிற்கிற சுக்கிரன் ஒரு பஞ்சாங்கத்தில் அஸ்தங்கமாகவும் இன்னொன்றில் இல்லாமலும் போகலாம். ஆகவே "அ" என்ற எழுத்தைப் பார்த்தால் எந்தப் பஞ்சாங்கம், எத்தனை பாகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாகை எழுதாத ஜாதகத்தில் அஸ்தங்கம் என்பது வெறும் ஊகம்.

நம் பையன் விஷயத்தில் எல்லைத் தகராறு இல்லை. அவனுக்கு வாய்த்தது இன்னும் விசேஷம். 1998-இல் சுக்கிரன் செப்டம்பர் 25 வாக்கில் கன்னிக்குள் நுழைந்து அக்டோபர் 19 வாக்கில் வெளியேறியது. அந்த இருபத்து நாலு நாளும் அது சூரியனுக்குப் பத்து பாகைக்குள்ளேயே இருந்தது. அந்த நாட்களில் சென்னையில் பிறந்தாலும் சிங்கப்பூரில் பிறந்தாலும், எந்த மணிக்குப் பிறந்தாலும், நீசமும் அஸ்தங்கமும் சேர்ந்தேதான் வரும். பையனுக்கென்று தனியாக விழுந்த எழுத்து இல்லை அது. அந்த மாசத்தின் எழுத்து.

தனியாக ஒருவனுக்கென்று ஜாதகத்தில் இருப்பது லக்னம். அது சுமார் இரண்டு மணிக்கு ஒருமுறை மாறும். லக்னம் தெரிந்தால்தான் ஏழாம் இடம் எது, அதற்கு அதிபதி யார் என்று தெரியும். தாளில் காலை 6.30 என்று எழுதியிருந்தது. "இந்த நேரம் யார் சொன்னது?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல சார். வூட்லதான் பொறந்தான். கடலுக்குப் போனவங்க கரைக்கு வர்ற நேரம்னு சொன்னேன். அவரே எழுதிக்கினாரு" என்றார் அம்மாள்.

கரைக்கு வருகிற நேரம் ஆறரையும் ஆகலாம், ஒன்பதும் ஆகலாம். அன்று என்னென்ன லக்னம் வரும் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். சூரியன் கன்னியில் 18-ஆம் பாகையில் இருந்ததால் உதயத்தில் லக்னமும் கன்னி. ஏழு மணிக்குள் அது முடிந்து துலாம். ஒன்பது மணி வாக்கில் விருச்சிகம்.

ஆறரைக்குப் பிறந்திருந்தால் கன்னி லக்னம். சுக்கிரன் லக்னத்திலேயே. ஏழாம் இடம் மீனம், அதிபதி குரு கும்பத்தில், அதாவது ஆறாம் இடத்தில் மறைவு. பெண் வீட்டார் பயந்தது இந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான். எட்டு மணிக்குப் பிறந்திருந்தால் துலா லக்னம். சுக்கிரனே லக்னாதிபதி, பன்னிரண்டில் இருக்கிறான். மற்ற கிரகங்களுக்குப் பன்னிரண்டு ஆகாது, சுக்கிரனுக்கு மட்டும் போக ஸ்தானம் என்று சலுகை கொடுக்கிற ஜோசியர்கள் நிறைய. களத்திர அதிபதியும் இப்போது குரு இல்லை, செவ்வாய். ஒன்பதரைக்குப் பிறந்திருந்தால் விருச்சிக லக்னம். சுக்கிரனே ஏழுக்கு அதிபதியாகி லாப ஸ்தானமான பதினொன்றில். மூன்று மணி நேரத்துக்குள் மூன்று விதமான புருஷன். மூன்றிலும் மாறாமல் இருப்பது அந்த "நீ"யும் "அ"வும் மட்டும்தான்.

குப்பங்களில் சுக்கிரன் மேல் இவ்வளவு பழி விழுவதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். பழைய தலைமுறை வீட்டுப் பிரசவங்களில் நேரம் குறித்து வைப்பது அபூர்வம். நேரம் இல்லாவிட்டால் லக்னம் நிச்சயமில்லை. தேதியை மட்டும் வைத்து அடித்துச் சொல்லக்கூடியது கிரகம் எந்த ராசியில் என்பதுதான். ஆகவே ஜோசியர் நிச்சயமாகச் சொல்ல முடிவதைச் சொல்கிறார். கேட்பவருக்கு அது தன் மகனைப் பற்றிய நிச்சயமாகக் காதில் விழுகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நீசத்தைச் சொன்ன சாஸ்திரமே நீசபங்கத்தையும் சொல்லியிருக்கிறது. நீசமான கிரகம் இருக்கும் ராசிக்கு அதிபதி, லக்னத்துக்கோ சந்திரனுக்கோ கேந்திரத்தில், அதாவது 1, 4, 7, 10-இல் இருந்தால் நீசம் பங்கமாகும் என்பது பலரும் ஒப்புக்கொள்கிற விதி. கன்னிக்கு அதிபதி புதன். அன்று புதன் கன்னியிலேயே உச்சமாக, சுக்கிரனோடு கூடவே இருந்தது. சந்திரன் அன்று முழுக்க மீனத்தில், ஆகவே புதன் சந்திரனுக்கு ஏழில். பிறந்த நேரம் எதுவானாலும் இந்தப் பங்கம் நிற்கும். அந்தத் தாளில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நியாயமாக எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும். புதனும் அன்று சூரியனுக்கு ஏழெட்டுப் பாகையில்தான் இருந்தது. அதுவும் அஸ்தங்கம், அஸ்தங்கமான கிரகம் இன்னொன்றை எப்படித் தூக்கிவிடும் என்று ஒருவர் கேட்கலாம். புதன் 28 பாகைக்கு மேல் சூரியனை விட்டுப் போகாத கிரகம், அதற்கு அஸ்தங்க தோஷம் பெரிதில்லை என்று இன்னொருவர் பதில் சொல்வார். இரண்டுக்கும் ஆதரவாகப் பேச ஆட்கள் உண்டு. இந்த இடத்துக்கு வந்த பிறகு ஜாதகம் தீர்ப்புச் சொல்வதில்லை. சொல்கிறவரின் சுபாவம்தான் சொல்கிறது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. சுக்கிரனுக்கு எட்டு வருஷக் கணக்கு ஒன்று உண்டு. ஐந்து முறை 584 நாள் என்றால் 2,920 நாள், அது கிட்டத்தட்ட எட்டு வருஷம். அதனால் எட்டு வருஷத்துக்கு ஒருமுறை சுக்கிரன் ஏறக்குறைய அதே தேதியில் அதே இடத்துக்கு வந்துவிடும். 1998 அக்டோபரில் எப்படியோ, 1990 அக்டோபரிலும் அப்படியே. "1990-ல புரட்டாசியில பொறந்த ஆம்பளை யாராவது உங்க சொந்தத்துல உண்டா?" என்று கேட்டேன்.

அம்மாள் விரல் விட்டு எண்ணினார். "என் கடைசித் தம்பி! ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் கழிச்சிப் பொறந்தான். இவனத் தூக்கி வளத்த தாய்மாமன்."

தம்பியின் ஆதார் அட்டையில் இருந்த தேதியை ஃபோனில் கேட்டு வாங்கினோம். அக்டோபர் இரண்டாம் வாரம். கணக்குப் போட்டால் அவருக்கும் சுக்கிரன் கன்னியில், சூரியனுக்கு நாலைந்து பாகை தள்ளி. நீசம், அஸ்தங்கம் இரண்டும் அப்படியே. அவர் கல்யாணத்துக்கு யாரும் ஜாதகம் பார்க்கவில்லை. பத்து வருஷம் ஆகிறது, இரண்டு பிள்ளைகள். "சண்ட எல்லாம் வரும் சார். சோறு ஆறிப்போச்சுன்னு கத்துவான், அவ திருப்பிக் கத்துவா. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

இதனால் ஜோசியம் பொய் என்று நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரு ஆளை வைத்துக் கணக்கு வாத்தியார் எதையும் நிரூபிக்கக் கூடாது. ஆனால் அந்தத் தாய்க்கு அது வேறு விதத்தில் உதவியது. அந்த இரண்டு எழுத்தும் தன் வீட்டிலேயே பத்து வருஷமாக ஒரு ஆள் உருவத்தில் நடமாடிக்கொண்டிருப்பதை அவர் அதுவரை அறியவில்லை.

பரிகாரத்தைப் பற்றிக் கேட்டார்கள். சுக்கிரனுக்கு உரிய தலம் என்று கும்பகோணம் பக்கத்துக் கஞ்சனூரைச் சொல்வார்கள். அவ்வளவு தூரம் வேண்டாமென்றால் சென்னைக்குப் பக்கத்தில் மாங்காட்டில் வெள்ளீஸ்வரர் கோயில் இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை போய், வெள்ளைப் பூ சாத்தி, மொச்சை நிவேதனம் செய்துவிட்டு வாருங்கள் என்றேன். பஸ் சார்ஜும் கால் கிலோ மொச்சையும்தான் செலவு. மனசுக்கு ஒரு பிடி வேண்டும் என்றால் அது போதும். வைர மோதிரத்துக்காக வியாபாரியிடம் முன்பணம் வாங்க வேண்டாம் என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். கல்யாணம் ஆகி வருகிற பெண்ணுக்கு முதல் வருஷமே கடன்காரன் விலைக்கு மீன் போடுகிற வீடு வாய்த்தால், சுக்கிரன் உச்சத்தில் இருந்தும் பிரயோசனம் இல்லை.

பழைய மூன்று இடங்களில் யாரும் திரும்பி வரவில்லை. இவர்களும் போய்க் கேட்கவில்லை. பொங்கல் கழிந்து ஏரிக்கு அந்தப் பக்கக் குப்பத்திலிருந்து ஒரு வரன் வந்தது. அவர்களும் ஜாதகம் கேட்டார்கள். கட்டுமரக்காரர் ஜாதகத்தோடு நான் போட்டுக்கொடுத்த காகிதத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். மூன்று லக்னம், புதனின் இடம், தாய்மாமன் தேதி எல்லாம் அதில் இருந்தது. பெண்ணின் பாட்டி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தாய்மாமன் வீட்டுக்கு ஆள் அனுப்பி அவர் சம்சாரத்திடம் விசாரித்தாராம். இதை எனக்குச் சொல்லி அந்தத் தாய் சிரித்தார். வைகாசியில் கல்யாணம். பையன் பேர் இப்போது ஊர் வரிக் கணக்கில் தனித் தலைக்கட்டு.

இதைப் படிக்கிறவர்களில் 2006-ஆம் வருஷத்துப் பிள்ளைகளின் பெற்றோர் இருந்தால் ஒரு விஷயம். எட்டு வருஷக் கணக்கு அந்த வருஷமும் வந்தது. செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் மூன்றாம் வாரத்துக்குள் பிறந்த பையன் என்றால் இன்னும் சில வருஷத்தில் உங்களிடமும் ஒருவர் "சுக்கிரன் நீசம், கூடவே அஸ்தங்கம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார். அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். பிறந்த நேரம் எங்கிருந்து வந்தது, சுக்கிரன் எத்தனை பாகை, புதன் அன்று எங்கே என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையானால் பிறந்த நேரம் எழுதிய சீட்டு பீரோவில் எங்கேயாவது கிடக்கும், இப்போதே தேடி எடுத்து வைத்துவிடுங்கள்.